80 டெசிபல் + 80 டெசிபல் = 83!

போட்டித் தேர்வுக்கான கையேடுகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. 'கீழ்க்கண்டவற்றில் எது தவறு?' என்று கேட்டுவிட்டு, நான்கு விடைகள் தந்திருப்பார்கள். அவற்றில் இரண்டு இவை:

log(2 + 3) = log(2 × 3)
log(1 + 2 + 3) = log 1 + log 2 + log 3

ப்ளஸ் ஒன்னில் லாக் படித்த பலரும் இரண்டாவதைத்தான் டிக் செய்வார்கள். 'கூட்டலின் லாக்கைப் பிரிக்கக் கூடாது' என்று வகுப்பில் சொன்னது ஞாபகத்தில் இருக்குமே! ஆனால், தவறு முதலாவதுதான். 5-ம் 6-ம் ஒன்றல்ல. அவற்றின் லாக்கும் ஒன்றல்ல. இரண்டாவது வரி தற்செயலாகச் சரியாகிவிட்டது. 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினாலும் 6, பெருக்கினாலும் 6. அதனால் வந்த அதிர்ஷ்டம் அது. log(2 + 2) = log 2 + log 2 என்பதும் இதே ரகம்தான். இப்படிச் சில எண்களில் விடை சரியாக வந்துவிடுவதுதான் ஆபத்து. அதை நம்பி அடுத்த கணக்கிலும் பிரிப்பார்கள்.

ஏன் கை தானாகப் பிரிக்கிறது? ஆறாம், ஏழாம் வகுப்பிலிருந்தே 5(a + b) = 5a + 5b என்று எழுதிப் பழகிய கை அது. log(a + b) என்று பார்த்ததும், log என்பது வெளியே நிற்கும் ஒரு எண் மாதிரியும், அதை உள்ளே கொண்டுபோய்ப் பெருக்கலாம் என்பது மாதிரியும் தோன்றிவிடுகிறது. ஆனால் அது எண் அல்ல, ஒரு கேள்வி. '10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் இந்த எண் கிடைக்கும்?' என்பதே அந்தக் கேள்வி. 100-க்கு 2, 1000-க்கு 3. இரண்டையும் பெருக்கினால் 1,00,000. அதன் லாக் 5. ஆக, எண்களைப் பெருக்கும்போதுதான் லாக்குகள் கூடும். 100-ஐயும் 1000-ஐயும் கூட்டினால் வருவது 1100. அதன் லாக் 3.04 சொச்சம்தான், 5 அல்ல.

கணக்கில் இது எப்படிக் கவிழ்க்கிறது என்று பாருங்கள்.

log(x + 6) = 2 log x

தவறான வழியில் இடப்பக்கத்தை log x + log 6 என்று பிரிப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரு log x-ஐக் கழித்தால் log 6 = log x. விடை 6. அழகான முழு எண் என்பதால் சந்தேகமே வராது. ஆனால் அதைக் கேள்வியில் வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் log 12, வலப்பக்கம் log 36. குட்டு உடைந்துவிடும்.

சரியான வழியில், கூட்டலைத் தொடவே கூடாது. வலப்பக்கத்தைத்தான் சுருக்க வேண்டும். 2 log x என்பது log x². இரு பக்கமும் ஒரே ஒரு லாக் என்பதால் x + 6 = x². இதைத் தீர்த்தால் 3, -2 என இரண்டு விடைகள். மைனஸ் எண்ணுக்கு லாக் இங்கே கிடையாது, எனவே -2 கழிந்தது. மீதி 3. வைத்துப் பார்த்தால் log 9 = 2 log 3. பொருந்துகிறது.

அப்படியானால் கூட்டலின் லாக்கைப் பிரிக்கவே வழியில்லையா? ஒன்று இருக்கிறது. பெரிய எண்ணைப் பொதுவாக வெளியே எடுத்தால், கூட்டல் பெருக்கலாக மாறும்:

log(a + b) = log a + log(1 + b/a)

லாக் டேபிளை வைத்தே வானியல் கணக்குகளைப் போட்ட காலத்தில் இது பெரிய உதவி. ஜெர்மானியக் கணிதமேதை கவுஸ் 1812-ல் இதற்கென்றே ஒரு தனி அட்டவணை வெளியிட்டார். log a, log b தெரிந்தால் போதும். A, b எவ்வளவு என்று திரும்பப் போய்த் தேடாமலே log(a + b) கிடைத்துவிடும்.

இந்தச் சூத்திரம் அடுக்களையிலும் வேலை செய்கிறது. ஒலியை அளக்கும் டெசிபலே ஒரு லாக் அளவுதான். ஒலியின் செறிவை ஓர் அடிப்படை அளவோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தின் லாக்கை 10-ஆல் பெருக்கிச் சொல்வது. ஒரு மிக்ஸியின் சத்தம் 80 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றும் ஓடினால்? லாக்கைப் பிரிப்பவர் கணக்கில் 160. காதருகே துப்பாக்கி வெடிக்கும் அளவு! உண்மையில் கூடுவது ஒலியின் செறிவு. அது இரு மடங்காகிறது, எனவே b/a என்பது 1. 80-உடன் 10 log 2 சேரும், அதாவது சுமார் 3. மொத்தம் 83.

இரண்டாவது மிக்ஸி 70 டெசிபல்தான் என்றால், அதன் செறிவு முதலாவதில் பத்தில் ஒரு பங்கு. 10 log 1.1 என்பது 0.4. ஆக மொத்தம் 80.4. அது ஓடுவதே காதில் தனியாக உறைக்காது.