ரெட்டினால்: வாரம் இரண்டு இரவு போதும்

ரெட்டினால் வாங்கியவர்கள் பலர் முதல் மூன்று இரவுகளிலேயே ஏமாந்துவிடுகிறார்கள். தடவிப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. 'நம்ம தோல் தாங்கும்' என்று மறுநாளும் அதற்கடுத்த நாளும் தடவுவார்கள். சில நாள் கழித்து மூக்கோரம் செதில் செதிலாக உரியும், முகம் கழுவினால் சுரீரென்று எரியும். எரிச்சல் தாமதமாகத்தான் தெரியும். தெரியும்போது நாலைந்து முறை தடவி முடித்திருப்போம்.

ரெட்டினாலைத் தோல்தான் ரெட்டினாயிக் அமிலமாக மாற்றிக்கொள்கிறது. அது அடியிலுள்ள செல்களை வேகமாகப் பெருகி மேலே வரச் செய்கிறது. இந்த அவசரத்தில், ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும் மேலடுக்கு சில வாரங்களுக்குப் பலவீனமாகிறது. பிறகு தோல் பழகிக்கொள்ளும். அதுவரை இடைவெளி விட்டுத் தடவினால், கெட்டதைச் சரிசெய்து கொள்ள அதற்கு நேரம் கிடைக்கும்.

கையில் 0.3 சதவீத க்ரீம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியம் முக க்ரீம்களுக்கு அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான். வறண்ட தோல் என்றால் 0.1 போதும். முதல் இரண்டு வாரம் திங்கள், வியாழன் இரவு மட்டும். முகம் கழுவி, நன்றாக உலர்ந்தபின் மாய்ஸ்சரைசர் தடவவும். அதன்மேல், முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டாணி அளவு ரெட்டினால். இமை, மூக்கின் மடிப்பு, வாயோரம் வேண்டாம். அங்கே முன்கூட்டியே கொஞ்சம் வாஸ்லின் பூசிவிடலாம். கடைசியாக மறுபடி மாய்ஸ்சரைசர். தோல் அமைதியாக இருந்தால் மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள். அதோடு நின்றுவிட்டாலும் குறையில்லை. காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கிளைகாலிக், சாலிசிலிக் அமிலங்களை இந்தக் காலத்தில் ஒதுக்கி வையுங்கள்.

லேசான வறட்சியும் சிறு உரிதலும் வரலாம். மேலடுக்கு சேதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: வழக்கமாகப் போடும் சாதாரண மாய்ஸ்சரைசரே எரிகிறதா? எரிந்தால், அல்லது தோல் இறுகிப் பளபளத்தால், ரெட்டினாலை அன்றே நிறுத்த வேண்டும். மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும் போதும். உரிவதைக் கடலைமாவு போட்டுத் தேய்த்து எடுக்கக் கூடாது. எரிச்சல் முழுக்க அடங்க ஓரிரு வாரம் பிடிக்கலாம். அதன்பின் வாரம் ஒருமுறையிலிருந்து தொடங்கலாம். அடங்கவே இல்லை, வீக்கமோ கொப்புளமோ வருகிறது என்றால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

நம் மாநிறத் தோலுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. எரிந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். கரும்புள்ளி போக வாங்கிய க்ரீமே புதுக் கறுப்பைக் கொடுத்துவிடும். மெல்லிய கோடுகள் குறைவது தெரியவே மூன்று மாதமாவது ஆகும். முதல் மாதத்து அவசரத்தால் அது முன்கூட்டி வந்துவிடாது. கர்ப்பிணிகளும், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாலைத் தொடவே வேண்டாம்.