எதை எடுத்தாலும் வாயில் வைக்கும் ஆறு மாதம்: குழந்தைக்கு ஒரு புதையல் கூடை

உட்காரப் பழகிய குழந்தைக்கு அப்போதுதான் இரண்டு கைகளும் முழுதாகக் கிடைக்கின்றன. அதுவரை குப்புறக் கிடந்து, கையை ஊன்றித் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. இப்போது எட்டியதை எடுக்கலாம், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றலாம், வாய்க்குக் கொண்டுபோகலாம். ஆனால் விரல்கள் இன்னும் நுணுக்கமாக வேலை செய்யாது. உள்ளங்கையால் வாரித்தான் பிடிக்கும். உதடும் நாக்கும் அப்படியல்ல. தொடு உணர்வு அங்கே மிகக் கூர்மையானது. ஒரு பொருள் வழவழப்பா சொரசொரப்பா, சில்லென்று இருக்கிறதா, கடித்தால் அமுங்குமா என்பதைக் குழந்தை வாயால்தான் தெரிந்துகொள்கிறது. அதனால் “வாயில் வைக்காதே” என்று பிடுங்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. வாயில் வைக்கத் தகுந்ததை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதுதான் வழி.

இந்த வயதுக்கென்றே ஒரு விளையாட்டு முறையை உருவாக்கியவர் எலினர் கோல்ட்ஷ்மீட் என்ற பிரிட்டிஷ் குழந்தைக் கல்வியாளர். உட்காரத் தெரிந்து, இன்னும் தவழத் தொடங்காத குழந்தையின் முன் ஒரு தாழ்வான கூடை. அதில் மரம், உலோகம், துணி என்று வீட்டில் புழங்கும் பொருள்கள். இதற்கு அவர் ‘புதையல் கூடை’ என்று பெயர் வைத்தார். பிளாஸ்டிக் பொம்மைகளை அவர் அதில் சேர்க்கவில்லை. நிறமும் உருவமும் எத்தனை வேறுபட்டாலும், வாயில் வைத்தால் பிளாஸ்டிக் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது காரணம்.

நம் வீட்டில் இதற்குப் பிரம்புக் கூடை தேட வேண்டாம். பிரம்பின் நுனி பிய்ந்தால் குத்தும். அகலமான, விளிம்பு மழுங்கிய எவர்சில்வர் பேசின் போதும். நான்கு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம். உயரமாக இருந்தால் குழந்தையால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

எந்தப் பொருளைப் போடுவது என்பதற்கு மூன்று சோதனைகள் இருக்கின்றன. முதலாவது அளவு. ஓர் அட்டையில் 4.5 செ.மீ. அகலத்துக்கு வட்டமாக ஓட்டை வெட்டிக்கொள்ளுங்கள். அந்த ஓட்டைக்குள் முழுதாகப் போய்விடும் எந்தச் சிறு பொருளும் வேண்டாம். கரண்டி போன்ற நீளமானவற்றின் காம்பு ஓட்டைக்குள் நுழையத்தான் செய்யும். அவற்றில் காம்பு குட்டையாகவும் தடித்தும் இருப்பதைப் பார்த்து எடுங்கள். மெல்லிய நீளக் காம்பு தொண்டையில் குத்தும். இரண்டாவது இழுவை. பொருளின் ஒவ்வொரு பகுதியையும் உங்கள் பலம் கொண்டமட்டும் இழுத்து, திருகிப் பாருங்கள். அசைவது எதுவானாலும் விலக்குங்கள். மூன்றாவது ஈரம். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பொருளை அழுத்தித் தேயுங்கள். துணியில் சாயம் ஏறினாலோ, நாரோ தூளோ ஒட்டினாலோ அது குழந்தையின் வயிற்றுக்குப் போகக்கூடியது.

நாம் நல்லதென்று நம்பும் சில பொருள்கள் இந்தச் சோதனைகளில் தேறுவதில்லை. பனையோலைக் கிலுகிலுப்பை எச்சிலில் ஊறினால் ஓலை பிரியும், உள்ளே இருக்கும் மணிகள் வெளியே வரும். அதைப் பெரியவர்கள் கையில் வைத்து ஆட்டிக் காட்டலாம். தேங்காய் நாரில் செய்தவையும் பீர்க்கங்கூடும் நார் உதிர்க்கும். வர்ணம் பூசிய பழைய மரச் சொப்புகளிலும் பழைய பித்தளைச் சாமான்களிலும் ஈயம் இருக்கலாம் என்பதால் அவையும் வேண்டாம். பீரோவிலிருந்து எடுத்த துணியில் அந்துருண்டை வாசனை இருந்தால், துவைத்து வெயிலில் காயவைத்து வாசனை முழுதும் போன பிறகே கொடுக்க வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

தேறுகிற பொருள்களை வைத்து ஒரு பேசினை நிரப்பிப் பார்ப்போம். விளிம்பு மடித்த சிறிய எவர்சில்வர் டம்ளர், வர்ணமில்லாத குட்டை மரக்கரண்டி, கைக்குட்டை அளவில் ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டு, அதே அளவில் ஒரு பூத்துவாலைத் துண்டு, நகையோ வர்ணமோ இல்லாத ஒரு சாண் மரப்பாச்சி, நன்றாகக் கழுவிய முழுச் சாத்துக்குடி. ஆறு பொருள்கள் போதும். சாத்துக்குடி மணத்துக்காகவும் குளுமைக்காகவும். பல் முளைத்த குழந்தை தோலைக் கடித்துத் துண்டாக்கும் என்பதால் அப்போது அதை எடுத்துவிட வேண்டும்.

தூங்கி எழுந்து, பால் குடித்து, சற்று நேரம் கழித்துத் தொடங்குங்கள். கட்டிலில் வேண்டாம். தரையில் பாய் விரித்து, கால்களை அகட்டி உட்காரவைத்து, முதுகுக்கும் இரு பக்கமும் தலையணை கொடுங்கள். பேசினை இரு கால்களுக்கும் நடுவே வையுங்கள். குழந்தை முதலில் வெறுமனே பார்க்கும். பிறகு டம்ளரை வாரி எடுத்து விளிம்பைச் சப்பும். சில்லென்றதும் வாயிலிருந்து எடுத்துப் பார்க்கும், மறுபடி வைக்கும். கை தவறி டம்ளர் பேசினில் விழுந்து ‘டங்’ என்று ஒலிக்கும். சிறிது நேரத்தில் அந்த ஒலிக்காகவே போடத் தொடங்கும். அடுத்துத் துணி. அது விழுந்தால் ஒலி வராது. இந்த வேறுபாட்டைக் குழந்தை தானாகவே கண்டுபிடிக்கட்டும். “இங்கே பார், இதைப் பார்” என்று இன்னொன்றை நீட்டினால், முதலில் எடுத்ததில் இருந்த கவனம் கலைந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பதே உங்கள் வேலை. பத்து, பதினைந்து நிமிடத்தில் முகத்தைத் திருப்பும், கண்ணைக் கசக்கும், முதுகை வளைக்கும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

பொருள் கொஞ்சம் உள்ளே போனால் குழந்தை ஓங்கரிக்கும். முகம் சிவந்து, நாக்கு வெளியே வந்து, சத்தமும் இருமலும் கேட்கும். இது தொண்டையைக் காக்கும் இயல்பான செயல். பதறி விரலை வாய்க்குள் விடாதீர்கள். அடைப்பு என்பது வேறு. சத்தம் வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். அப்போது குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கி, தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து முறை தட்டுங்கள். பொருள் வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். குழந்தை மயங்கிவிட்டால் 108-இல் பேசுபவர் சொல்வதைக் கேட்டு உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

விளையாடி முடித்ததும் எவர்சில்வரையும் துணியையும் வெந்நீரில் கழுவுங்கள். மரத்தை ஊறவைத்தால் வெடித்துச் சிராய் கிளம்பும். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து வெயிலில் காயவைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் உள்ளே போடும் முன் விரலால் தடவிப் பாருங்கள்.

அரிசி, பருப்பு, மணல் நிரப்பிய தட்டில் குழந்தையை அளையவிடும் காணொளிகள் பலவற்றைப் பார்த்திருப்பீர்கள். அவை எதையும் வாயில் வைக்காத பெரிய குழந்தைகளுக்கானவை. தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் மணிகள் குடலை அடைக்கும். அவை வீட்டிலேயே இருக்கக் கூடாது. பிசைந்து அளைய ஏதாவது வேண்டுமென்றால், குழந்தை ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகிய கேழ்வரகுக் கூழையோ மசித்த வாழைப்பழத்தையோ ஒரு தட்டில் பரப்பிக் கொடுங்கள். தேன் மட்டும் ஒரு வயது வரை துளியும் கூடாது.

குழந்தை தவழத் தொடங்கியதும் கரண்டியை முதலில் பேசினிலிருந்து எடுத்துவிடுங்கள். வாயில் காம்புடன் நகர்ந்து விழுந்தால் காயம் ஆழமாகப் படும்.