பாதி வேகத்தில் ஓடும் குளிர்சாதனம் பாதிக்கும் குறைவான மின்சாரம் தின்பது ஏன்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இன்வெர்ட்டர் குளிர்சாதனம் வாங்கினால் மின்கட்டணம் குறையும் என்கிறார்கள், ஏன்?" என்று கேட்டால், "பழைய பெட்டி அடிக்கடி நின்று நின்று கிளம்புகிறது, கிளம்பும்போது மின்சாரத்தை வாரி இழுக்கிறது" என்று பலர் பதில் சொல்வார்கள். இது முழுக் காரணம் அன்று. மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்து மடங்கு மின்சாரம் இழுத்தாலும் அது அரை வினாடிதான். மணிக்கு நான்கு முறை கிளம்பினாலும் அந்தச் செலவு ஒரு சிறு விளக்கை அரை மணி நேரம் எரிப்பதற்குக்கூட ஈடாகாது.

உண்மைக் காரணம் வேறு. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தாமான் வீட்டுப் படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு குதிரைத்திறன் பெட்டி இருக்கிறது. முழு வேகத்தில் அது ஏறத்தாழ 2,600 வாட் வெப்பத்தை வெளியேற்றும். பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த சுவர், இரவு பத்து மணிக்கு அந்த முழுத் திறனையும் கேட்கும். அதிகாலை இரண்டு மணிக்கு வெளியே 26 பாகையாக இறங்கிவிடும். அறையை 24 பாகையில் வைத்திருக்க அப்போது 1,300 வாட் வெப்பத்தை அகற்றினால் போதும். அதாவது பாதிச் சுமை.

பழைய பெட்டியின் அமுக்கி மோட்டார் நம் மின்சாரத்தின் 50 சுழற்சியோடு கட்டுண்டது. நிமிடத்திற்குச் சுமார் 2,900 சுற்று. அதற்குக் குறைவாக ஓடத் தெரியாது. ஆகவே அரை மணி நேரம் முழு மூச்சில் ஓடி, அரை மணி நேரம் நின்று கணக்கைச் சமன் செய்கிறது. இன்வெர்ட்டரோ வீட்டு மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு தேவையான சுழற்சியில் புதிய மின்னோட்டத்தை உருவாக்கி மோட்டாருக்குத் தருகிறது. அதனால் மோட்டார் பாதி வேகத்தில் இடைவிடாமல் ஓட முடிகிறது. தோஷிபா நிறுவனம் 1980, 1981ஆம் ஆண்டுகளில் இதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இரண்டும் அகற்றும் வெப்பம் ஒன்றுதானே, மின்சாரம் மட்டும் எப்படி மிச்சமாகும்? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வெளியே இருக்கும் சுருள் காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பத்தை வெளியே தள்ள முடியும். முழு வெப்பத்தைத் தள்ள அது ஏறத்தாழ 40 பாகைக்குச் சூடேற வேண்டும். பாதி வெப்பத்துக்கு 33 பாகையே போதும். அறைக்குள் இருக்கும் சுருளும் அப்படித்தான்: முழு வேகத்தில் 10 பாகை வரை குளிர வேண்டும், பாதி வேகத்தில் 15 பாகை போதும். ஆக, 10இலிருந்து 40க்கு ஏற்ற வேண்டிய வெப்பத்தை 15இலிருந்து 33க்கு ஏற்றினால் முடிந்தது. முப்பது பாகை ஏற்றம் பதினெட்டாகிவிடுகிறது.

கிணற்றில் நீர் இறைப்பவர் நிலையை நினைத்துப் பாருங்கள். மெதுவாக இறைத்தால் கிணற்றின் ஆழமே குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தண்ணீருக்கு உழைப்பு குறைவுதானே!

கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய பெட்டி ஓடும்போது 700 வாட் எடுக்கிறது. அரை மணி நேரத்துக்கு 350. அது நின்றிருக்கும்போது அழுத்தங்கள் சமனாகிவிடுவதால், மீண்டும் கிளம்பியதும் முதல் சில நிமிடங்கள் சரியாகக் குளிராது. அந்த நட்டத்தையும் சேர்த்தால் மணிக்குச் சுமார் 385 வாட்-மணி. இன்வெர்ட்டர் 240 அளவில் முடித்துவிடும். எட்டு மணி நேர இரவுக்குப் பழையது மூன்று யூனிட், புதியது இரண்டுக்கும் குறைவு.

ஆனால் இந்த மிச்சம் பாதிச் சுமையில்தான் கிடைக்கும். கதவு திறந்தே கிடக்கும் கடையில் பெட்டி நாள் முழுவதும் முழு வேகத்தில் ஓடினால் இன்வெர்ட்டரால் பெரிய பயனில்லை. அதன் மின்சுற்றே சிறிது மின்சாரத்தை வீணாக்கும். அறைக்குத் தேவையானதைவிட மிகப் பெரிய பெட்டியை மாட்டினாலும் சிக்கல்தான். அமுக்கியின் வேகத்துக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. தேவை அதற்கும் கீழே போனால், இன்வெர்ட்டரும் பழைய பெட்டியைப் போல நின்று நின்று ஓடும். உள் சுருள் அவ்வளவு குளிராததால் ஈரமும் குறைவாகவே வடியும். மழைக்காலத்தில் அறை பிசுபிசுப்பாகத் தோன்றினால் அதுவே காரணம். அந்நேரம் ஈரம் நீக்கும் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுப் பெட்டி எப்படி ஓடுகிறது என்று அறிய அதிகாலையில் வெளிப்பெட்டியின் அருகே நின்று கேளுங்கள். மெல்லிய ரீங்காரம் விடாமல் வந்தால் மிச்சம் கிடைக்கிறது. விடிய விடிய உரத்து இரைந்தால், வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா, கதவடியில் இடுக்கு இருக்கிறதா, அல்லது யாராவது 16 பாகையில் வைத்துவிட்டார்களா என்று பாருங்கள். எட்ட முடியாத இலக்கைக் கொடுத்துவிட்டால், பாவம், அது வேகத்தைக் குறைப்பது எப்போது?