"பெருநாள் எப்ப?" என்று கேட்கும் முன்

ஷஃபான் மாதம் பாதி கழிந்தால் கல்முனைத் தையல் கடைகளில் இந்தக் கேள்வி தொடங்கிவிடும்: "பெருநாள் எப்ப?" பதில் சொல்பவர் தன் கையிலுள்ள கலண்டரைப் பார்த்து ஒரு திகதி சொல்வார். அந்தத் திகதி எந்த ஆண்டுக்கு, எந்த ஊருக்கு, யாருடைய பிறைக்கு என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் அது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆண்டைச் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஹிஜ்ரி ஆண்டு (பிறையைக் கொண்டு எண்ணும் இஸ்லாமிய ஆண்டு) ஏறக்குறைய 354 நாட்கள்தான். அதனால் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும். போன வருடக் கலண்டரில் பார்த்துச் சொன்ன திகதி இந்த வருடத்துக்கு உதவாது. சில வேளை ஆண்டைச் சொன்னாலும் போதாது: 2000இல் நோன்புப் பெருநாள் ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு வந்தது.

சரி, ஆண்டு தெரியும். ஊர் எதற்கு? 2025ஐப் பாருங்கள். சவூதியில் முதல் நோன்பு மார்ச் 1, பெருநாள் மார்ச் 30. இலங்கையில் முதல் நோன்பு மார்ச் 2, பெருநாள் மார்ச் 31. இரண்டு நாட்டிலும் 29 நோன்புதான், ஆனால் ஒரு நாள் தள்ளி.

சவூதியில் பெருநாள் என்று கைபேசியில் செய்தி வந்த மார்ச் 29 மாலை நம் வானத்தில் என்ன இருந்தது? அன்று இலங்கை நேரம் பிற்பகல் நாலரை மணியளவில்தான் அமாவாசைக் கணம் (சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் நேர்படும் நேரம்). நம் கரையில் சூரியன் மறைவது ஆறு மணி கடந்து. இரண்டு மணி நேர வயதுகூட ஆகாத பிறையை எந்தக் கண்ணும் காணாது. நமக்கு அன்று 28ஆம் நோன்பு என்பதால் அது பிறை பார்க்கும் நாளும் இல்லை. மறுநாள் மஃரிபில் பிறையின் வயது ஒரு நாளைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் ஓர் ஊருக்கு ஒரு திகதிதானே? இல்லை, மூன்றாவது சிக்கல் இங்கேதான். நம் ஊர்களில் பெரும்பாலானோர் உள்நாட்டுப் பிறையைப் பின்பற்றுகிறார்கள். 29ஆம் நாள் மாலை கொழும்பு பெரிய பள்ளிவாசலில் ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் சேர்ந்து கூடி, நாட்டின் பல பக்கமிருந்தும் வரும் தகவலைப் பார்த்து அறிவிப்பார்கள். பிறை தெரியாவிட்டால் மாதம் 30ஆகப் பூர்த்தியாகும். வேறு சிலர் சர்வதேசப் பிறையை (உலகில் எங்கு கண்டாலும் போதும் என்ற நிலையை) எடுப்பவர்கள். ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் வட்டிலப்பம் வெட்டும்போது அடுத்த வீட்டில் நோன்பு இருப்பது இதனால்தான். யார் சரி என்ற வாதத்தை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். திகதி கேட்கும்போது எந்தப் பிறை என்று கேளுங்கள்.

இதனால் உங்களுக்கு என்ன? அதிகம் அடிபடுவது பயணம் செய்பவர்தான். 2025இல் விடுமுறைக்கு மருதமுனைக்கு வந்த ஒருவர் இங்கே மார்ச் 2இல் நோன்பு தொடங்கி, 28ஆம் திகதி இரவு ரியாதுக்குத் திரும்பினார் என்று வையுங்கள். 30ஆம் திகதி அங்கே பெருநாள். கணக்குப் பார்த்தால் அவருக்கு 28 நோன்புதான். இருக்கும் ஊரோடு பெருநாள் கொண்டாடிவிட்டு, பிறகு ஒரு நோன்பைக் கழாச் செய்ய வேண்டும் (விடுபட்டதைப் பின்னர் நிறைவேற்ற வேண்டும்). ஹிஜ்ரி மாதம் 29 நாளுக்குக் குறையாது. ரியாதில் தொடங்கி இங்கே வந்து முடித்தவருக்கோ 30 ஆகியிருக்கும்.

அறபா நோன்பில் (துல்ஹஜ் 9ஆம் நாள் பிடிக்கும் சுன்னத்தான நோன்பு) இன்னும் கவனம் வேண்டும். அதே ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கத்தாரில் ஜூன் 6, இலங்கையில் ஜூன் 7. "நாளைக்கு அறபா நோன்பு மகன்" என்று ஜூன் 5 இரவு உம்மா இங்கிருந்து சொல்வதைக் கேட்டு, டோஹாவில் இருக்கும் மகன் மறுநாள் நோன்பு வைத்தால் பெருநாள் தினத்தில் நோன்பு பிடித்தவராகிவிடுவார். அது ஹராம்.

லீவு, டிக்கட்? அச்சிட்ட கலண்டரில் உள்ள பெருநாள் முன்கூட்டிய கணிப்பு மட்டுமே. அரச விடுமுறைப் பட்டியல் திகதியோடு அதற்கு முந்திய நாளையும் பிந்திய நாளையும் சேர்த்து லீவு கேளுங்கள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருபவர் 29ஆம் நோன்பு துறந்து அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் ஆசனம் கிடைக்காது. 28ஆம் நோன்பு இரவே ஏறிவிடுவது நல்லது.

இன்னொரு சந்தேகம்: "27ஆம் கிழமை இரவு" என்றால் எந்த இரவு? பிறைக் கணக்கில் நாள் மஃரிபில் தொடங்குகிறது. எனவே அது 26ஆம் நோன்பு துறந்த பின் வரும் இரவு. 27ஆம் நோன்பு மறுநாள் பகலில்தான். தூர ஊரிலிருந்து யாரையும் அழைப்பதாக இருந்தால், "26ஆம் நோன்பு துறந்து இரவு, இலங்கைப் பிறைப்படி" என்று சொல்லி, ஆங்கிலத் திகதியையும் கிழமையையும் சேர்த்து அனுப்புங்கள்.