நம் வேலையையும் பார்த்தவருக்கு

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் 31ஆம் நாளையொட்டி ‘நன்றி நவிலல்’ என்று ஓர் அறிவித்தல் வரும். செய்தி கேட்டு ஓடி வந்தவர்கள், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், கிரியைகளில் உதவியவர்கள் என்று எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி அச்சிடும் வழக்கம் குறைவு. 16ஆம் நாள் கருமாதிக்குச் சொல்லி அனுப்பி, வந்தவர்களுக்கு இலை போடுவதில் அந்தக் கடமை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இரண்டு ஏற்பாட்டிலும் ஒருவர் விடுபட்டுப் போகிறார். நாம் ஊரில் இருந்த நாட்களில் அலுவலகத்தில் நம் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். பல நேரம் அவரால் துக்கத்துக்குக்கூட வர முடிந்திருக்காது. நம் வேலைதான் அவரை அங்கே பிடித்து வைத்திருக்கும்.

ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். வேதியியலுக்கு இரண்டு முதுகலை ஆசிரியர்கள். தமிழ் வழிக்கு ஒருவர், ஆங்கில வழிக்கு ஒருவர். ஜனவரிக் கடைசியில் தமிழ் வழி ஆசிரியரின் அப்பா தவறிவிடுகிறார். அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள்தான் தற்செயல் விடுப்பு. அதிலும் கொஞ்சம் ஏற்கெனவே போயிருக்கும். அதனால் வேறு விடுப்பு எடுத்துக் காரியம் வரைக்கும் ஊரில் இருந்துவிட்டுத் திரும்புகிறார். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண் பிரிவதால், பையன்கள் ஆய்வகத்தில் கோட்டைவிட்டால் நேராகத் தேர்ச்சியில்தான் கை வைக்கும்.

வந்து பார்த்தால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். உள்ளே நுழைந்ததுமே, “ரொம்ப நன்றி டீச்சர், நீங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர் என்ன செய்தார் என்றே தெரியாமல் சொல்லும் நன்றி அது. சத்தம் காட்டாமல் வேலை செய்பவர் தானாகப் பட்டியல் போட மாட்டார். நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அவருடைய கையெழுத்து இருக்கும். பெர்மாங்கனேட் கரைசலை வெளிச்சம் படாத பழுப்புப் பாட்டிலில் ஊற்றி, தயாரித்த தேதியையும் திறனையும் எழுதி ஒட்டியிருப்பார். அது நாள்பட்டால் திறன் மாறிவிடும் என்பது தெரிந்தவர் செய்த வேலை. மாணவர்களைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் வெளியே வரும். சாயங்காலம் மெல்லக் கற்போரைத் தனியாக உட்காரவைத்து டைட்ரேஷன் பழக்கியது, பள்ளிக்கு வராமல் போன ஒருவனின் வீட்டுக்குப் போன் போட்டு வரவழைத்தது எல்லாம் பதிவேட்டில் இருக்காது.

தெரிந்துகொண்ட பிறகும் இடமும் நேரமும் பார்க்க வேண்டும். திரும்பி வந்த முதல் நாள் ஆசிரியர் அறை துக்கம் விசாரிக்கும் அறையாகிவிடும். எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, அம்மா எப்படி இருக்காங்க என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். அதற்கு நடுவில் சொன்ன நன்றி காதில் விழாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஆய்வகத்திலோ, வண்டி நிறுத்தும் இடத்திலோ, அவர் தனியாக இருக்கும்போது சொல்வது நல்லது.

எவ்வளவு துக்கத்தைப் பேச்சில் கொண்டுவருவது என்பதுதான் இதில் நுணுக்கமான இடம். “அப்பா போனதுல நான் ஒடிஞ்சே போயிட்டேன் டீச்சர், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல” என்று ஆரம்பித்தால் அவருக்கு வேறு வழியில்லை. நம்மைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார். நன்றி சொல்லப் போனவர் ஆறுதல் வாங்கிக்கொண்டு திரும்புவார். ஏற்கெனவே நமக்காக உழைத்தவருக்கு அது இன்னொரு வேலை. துக்கத்தை மறைக்கச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேறு ஆள், வேறு நேரம் இருக்கிறது. இங்கே அரை வாக்கியம் போதும்:

“டீச்சர், நான் ஊர்ல இருந்தப்ப ரெக்கார்டு பூரா நீங்களே திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அந்தப் பையனையும் கூப்பிட்டு வரவெச்சிருக்கீங்க. பள்ளிக்கூடத்தைப் பத்தின கவலை எனக்கு அங்க ஒரு நாள்கூட வரல. ரொம்ப நன்றி.”

‘நான் ஊர்ல இருந்தப்ப’ என்பதிலேயே இழப்பு அடங்கிவிட்டது. மற்றதெல்லாம் அவர் செய்த வேலை. அவர் அநேகமாக, “அட, இதுல என்ன சார் இருக்கு, எனக்குன்னா நீங்க செய்ய மாட்டீங்களா” என்பார். சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். இல்லை இல்லை என்று வற்புறுத்தினால் அவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும்.

ஊரறியச் சொல்வதா? எனக்கு அதில் தயக்கம் உண்டு. அமைதியாகச் செய்த உதவியில் சில சமயம் விதியை லேசாக வளைத்த விஷயமும் இருக்கும். நம் பெயரில் போக வேண்டிய பதிவை நாள் தவறிவிடக் கூடாதே என்று அவர் ஏற்றியிருக்கலாம். பள்ளி வாட்ஸாப் குழுவில் உருகி எழுதினால் நாம் பாராட்டியது அவருக்கு விளக்கக் கடிதமாக முடியலாம். தலைமை ஆசிரியரிடம் மட்டும், “பாடம் எதுவும் நிக்காம டீச்சர் பார்த்துக்கிட்டாங்க” என்று சொன்னால் போதுமானது. அது அவருக்குப் போய்ச் சேரும்.

வாயால் சொல்வதைவிட முக்கியமானது வேலையைச் சீக்கிரம் திரும்ப எடுத்துக்கொள்வது. “எது எது பாதியில நிக்குது, சொல்லுங்க” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு அன்றைக்கே வாங்கிக்கொள்ள வேண்டும். மனசு சரியில்லை என்று இன்னும் ஒரு வாரம் அவர் தலையிலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. அவர் நடத்திய பாடத்தை முதலிலிருந்து நடத்துவார்கள், அவர் திருத்திய தாளை மறுபடி திருத்துவார்கள். இரண்டாமவர்கள்தான் அதிகம் புண்படுத்துகிறார்கள். கூட்டலில் தவறே இருந்தாலும் அதை நன்றி சொன்ன அன்றைக்கே எடுத்துப் பேச வேண்டாம். இன்னொரு நாள் தனியாகச் சொல்லலாம்.

கைம்மாறு விஷயத்தில் நம் ஊர்க் கணக்கு இங்கே உதவாது. மொய் நோட்டில் வாங்கியதைப் பார்த்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதே அளவு திருப்பிச் செய்கிறோம். இந்தக் கடனுக்குச் சமமான சந்தர்ப்பம் அவர் வீட்டில் ஒரு சாவு. அதற்காக யாரும் காத்திருக்க முடியாது. பட்டுப்புடவை, பரிசுக்கூப்பன் என்று போனால் உதவி கூலியாக மாறிவிடும். ஊரில் விளைந்த தேங்காயோ எள்ளுருண்டையோ கொடுத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதைவிட நல்லது, அவருடைய சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி எடுப்பது. அவர் பிள்ளைக்குப் பள்ளி ஆண்டுவிழா என்றால், “நீங்க கிளம்புங்க, கடைசி ரெண்டு பீரியட் நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லலாம். உங்கள் வகுப்பை அவர் எடுத்ததற்கு அவர் வகுப்பை நீங்கள் எடுத்தாயிற்று.

இன்னும் சொல்லாதவர்கள் இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். மாறுதல் கலந்தாய்வில் ஆணை வாங்கிவிட்டால் சில நாளில் அவர் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்.