முதல் கப்பல் சரக்கும் இன்சூரன்ஸ் கடிதமும்

தாராவியிலிருந்து டர்பனுக்கு முதன்முறையாகத் தோல் பைகள் அனுப்பியபோது, "ஐந்து லட்ச ரூபாய்ச் சரக்கு, பிரீமியம் எவ்வளவு?" என்று மட்டும் மூன்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதினேன். மிகக் குறைவாகச் சொன்னவர் தர முன்வந்தது 'சி' பிரிவு. அதில் திருட்டுக்கும் மழைநீருக்கும் நஷ்டஈடு கிடையாது!

மறுபடி விவரமாக எழுதினேன். சரக்கு, கப்பல் கூலி, பிரீமியம் சேர்ந்து 5 லட்சம். வழக்கப்படி 10 சதவீதம் கூட்டி 5.5 லட்சத்துக்கு 'ஏ' பிரிவு. எங்கள் கிடங்கிலிருந்து நவசேவா, கொழும்பில் கப்பல் மாற்றம், டர்பனில் வாங்குபவர் கிடங்கு வரை. பாலிதீன் உறை, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அட்டைப்பெட்டி. பிறர் சரக்கோடு ஒரே கண்டெய்னர்.

பேக்கிங்கை மறைக்காதீர்கள். 'ஏ' பிரிவிலும், பேக்கிங் போதாமல் வந்த சேதம் என்றால் பணம் வராது. ஒரு கம்பெனி மட்டும், பெட்டிகளை மரச்சட்டத்தின் மேல் அடுக்கிக் கட்டும்படி பதில் எழுதியது. அவர்களிடமே பாலிசி எடுத்தேன்.