நடுங்கும் சர்வோ

அர்டுயினோ ஊனோ பலகையின் 5 வோல்ட் முனையில் எஸ்ஜி90 சர்வோ ஒன்றை இணைத்ததும், அசையாமல் நிற்க வேண்டிய கை வெடவெடக்கிறது. பலர் முதலில் நிரலைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி மின்சாரம்.

மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னோட்டம் சட்டென எகிறுகிறது. யூஎஸ்பி வழியே வருவதோ சுமார் 500 மில்லிஆம்பியர்தான். மின்னழுத்தம் சரிய, கையின் நிலையை அளக்கும் உள்சுற்று தடுமாறுகிறது, மோட்டார் தேவையின்றித் திருத்துகிறது, மீண்டும் சரிவு. சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் மின்சாரம் கொடுத்து, இரு பக்க கிரவுண்டையும் இணைத்து, சர்வோ அருகே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்துப் பாருங்கள்.

அப்போதும் நடுங்கினால் சிக்னலைப் பார்க்க வேண்டும். 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும் துடிப்பின் அகலமே கோணத்தைச் சொல்கிறது. ஊனோவில் 10 மைக்ரோசெகண்ட் பிசகினால் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறும். `SoftwareSerial` போன்றவை இன்டரப்டை நிறுத்திவைக்கும்போது இந்தப் பிசகு நேர்கிறது.

நடுக்கமின்றி ரீங்காரம் மட்டும் கேட்டால் விஷயம் வேறு. சர்வோ பொருட்படுத்தாமல் விடும் சிறு பிழையின் எல்லைதான் டெட்பேண்ட். அது மிகக் குறுகலானால், சுமை தாங்கும் மோட்டார் ஓயாமல் முனகும். சில டிஜிட்டல் சர்வோக்களில் இதை அகலப்படுத்தலாம். துல்லியம் சற்றுக் குறையும். எஸ்ஜி90-இல் அந்த வசதி இல்லை.